பச்சைமேல் மஞ்சள்

லோகோ அனுப்புங்கள் என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ஃபிளெக்ஸ் போர்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அக்காவும் அதைத்தான் செய்தாள். தாராவியில் எங்கள் சங்கத்து வாசலில் தொங்கும் போர்டு. பாதி வெயிலில், பாதி நிழலில், ஓரத்தில் யாருடைய ஸ்கூட்டர் கண்ணாடியோ தெரிய, கீழே ஒரு வரி: "இதுலேருந்து எடுத்துக்கட்டி." எனக்கு வந்த எரிச்சலில் போனை மெத்தையில் எறிந்தேன்.

அக்கா என் பெரியப்பா மகள். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்குள் நுழைந்த முதல் பெண் அவள்தான். சங்கம் என்றால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்த குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. சாதி பார்க்காமல் எல்லாரும் உறுப்பினர். மாடியில் ஒரு பெரிய அறை உண்டு. சாயங்காலமானால் ஆண்கள் கேரம் ஆடுவார்கள், பேப்பர் படிப்பார்கள், தூங்குவார்கள். அந்த அறையைச் சாயங்கால வேளையில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற இடமாக மாற்ற வேண்டும், தானே அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று அக்கா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் சந்துகளில் ஒரே அறை வீட்டில் டிவியும் குக்கரும் குழந்தையும் கத்த, பத்தாவது படிக்கிற பெண் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? அக்காவுக்கு இது வெறும் யோசனை இல்லை. அவளே அப்படி ஒரு வீட்டில், கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தவள்.

பொதுக்குழுவில் ஓட்டுக்கு விட வேண்டும். வாயால் சொன்னால் பாதியிலேயே மறித்துப் பேசுவார்கள், திரையில் போட்டுக் காட்டினால் பேசாமல் பார்ப்பார்கள் என்பது அக்காவின் கணக்கு. நான் கம்பெனிகளுக்கு ஸ்லைடு செய்து கொடுக்கிற ஆபீசில் வேலை பார்க்கிறவள். செம்பூரில் அப்பாவோடு இருக்கிறேன். ஆகவே வேலை என் தலையில் விழுந்தது.

லோகோ ஒரு வட்டம். சிவப்பு வளையம், உள்ளே பச்சையில் விரித்த புத்தகம், அதன்மேல் மஞ்சளில் ஒரு சுடர். போட்டோவிலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்கும் கருவியை மஞ்சளில் வைத்தால் வெயில் பட்ட இடத்தில் வெளிறிய எலுமிச்சை, நிழலில் கடுகு. எது உண்மையான மஞ்சள் என்று போர்டுக்கே தெரியாது. கடைசியில் சங்கத்துப் பழைய லெட்டர்பேடு ஒன்றை வாங்கிவரச் சொல்லி, வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தெரியும் வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து, மூன்று நிறத்தையும் அதிலிருந்து எடுத்தேன்.

லோகோவில் மூன்று நிறம் இருக்கிறதே என்று மூன்றையும் அள்ளித் தெளித்தால் ஸ்லைடு கல்யாண வீட்டுப் பந்தல் ஆகிவிடும். லோகோ சின்னது, தூரத்திலிருந்து ஒரு குறியாக அடையாளம் தெரிந்தால் போதும். ஸ்லைடில் எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். அதற்கு எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் நிற்கும் என்று ஜோடி ஜோடியாகப் பார்க்க வேண்டும். இரண்டு நிறத்தின் வெளிச்ச அளவுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை ஒரு எண்ணாகச் சொல்லும் கருவி இருக்கிறது. சாதாரண எழுத்துக்கு அந்த எண் நாலரைக்குக் கீழே போகக் கூடாது, பெரிய தலைப்புக்குக் குறைந்தது மூன்று வேண்டும். வெள்ளையின்மேல் மஞ்சள் வைத்துப் பார்த்தேன், இரண்டுகூடத் தேறவில்லை. பச்சையின்மேல் சிவப்பு அதைவிட மோசம், கண்ணில் நடுங்கும், நிறப் பார்வைக் குறை உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். சிவப்பின்மேல் மஞ்சள் பெரிய எழுத்துக்கு மட்டும் தேறும். பச்சையின்மேல் மஞ்சள் நாலரையைத் தாண்டியது.

சங்கத்து ஹாலில் டியூப்லைட்டை அணைக்க மாட்டார்கள், ஜன்னலுக்குத் திரை கிடையாது, புரஜெக்டரோ இரவல். அந்த வெளிச்சத்தில் எண் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று பச்சையை இன்னும் இருட்டாக்கினேன். ஏழைத் தாண்டிற்று. இருண்ட பச்சைப் பின்னணி, மஞ்சள் தலைப்பு, வெள்ளை எழுத்து. சிவப்பு எதோடும் ஒத்துப்போகாத நிறம் என்று அதைத் தூக்கிவிட்டேன். மூலையில் லோகோவுக்குள் மட்டும் இருந்தது. செய்து முடித்துப் பார்த்தபோது எனக்கே பிடித்திருந்தது. என் வேலை எனக்கு அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது.

லேப்டாப்பில் திரை முழுக்க விரித்து அப்பாவிடம் காட்டினேன். அப்பா துறைமுகத்து டாக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழ் நன்றாகப் படிப்பார், எழுத்துப் பிழை கண்டுபிடிப்பார் என்றுதான் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாக மெதுவாகப் பார்த்தார். "நல்லா இருக்குட்டி. ஒண்ணும் மாத்தாத" என்றார். அக்காவுக்கும் அனுப்பினேன். அவள் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வாசகங்களை மட்டும் சரிபார்த்து ஓகே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. முதல் ஸ்லைடு திரையில் விழுந்ததுமே ஹாலில் சத்தம் மாறியது. எனக்குப் புரியவில்லை. பின்வரிசைக்கும் எழுத்து தெரிகிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு லேப்டாப்பருகில் நின்றேன். மூன்றாவது ஸ்லைடில் அக்கா ஒரு பெண் படிக்கிற வீட்டை விவரித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி எழுந்தார். அவர் மாட்டுங்காவில் ஒரு கம்பெனியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், எந்தக் கூட்டத்திலும் ஒரு கேள்வியாவது கேட்காமல் டீ குடிக்க மாட்டார்.

"ஒரு சந்தேகம்" என்றார். "இது சங்கத்துக் கூட்டமா, இல்ல உங்க ஆளுகளோட கூட்டமா?"

"எந்த ஆளுக அண்ணாச்சி?" என்றாள் அக்கா.

"தெரையத் திரும்பிப் பாருங்கம்மா."

அக்கா திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பச்சைமேல் மஞ்சள். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் நடுவரிசையிலிருந்து எங்கள் சொந்தக்காரர் ஒருவர் எழுந்து, "ஏன், அந்தக் கலருக்கு என்னவாம் கொறச்சல்?" என்றார். அவர் பக்கத்தில் இரண்டு பேர் கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலில்தான் எனக்கு உறைத்தது. எதிர்த்துக் கேட்டவரைவிட ஆதரித்துக் கை தட்டியவர்கள்மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

ஊரில், அதாவது நான் இரண்டு முறை கல்யாணத்துக்குப் போய் வந்த அந்தப் பக்கத்தில், சாதிக்கு நிறம் உண்டாம். ஒற்றை நிறம் இல்லை, ஜோடி. கொடிக்கம்பத்தில், போஸ்டரில், பஸ் நிறுத்தத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கட்டுகிற கயிற்றில்கூட அந்த ஜோடிதான். எந்த ஜோடி எந்தச் சாதி என்று நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் அதையும் மனப்பாடம் செய்ய நாலு பேர் இருப்பார்கள். எங்கள் சாதியின் பெயர் எனக்குத் தெரியும், பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது. அதற்கு ஒரு நிறம் இருக்கிறது என்று தெரியாது. அக்காவும் பம்பாயில் பிறந்தவள், அவளுக்கும் தெரியாது. சங்கத்தின் முதல் பெண் நிர்வாகி, மாடியறையின் சாவியைக் கேட்டுக்கொண்டு, தன் சாதிக் கொடியைத் திரை முழுக்க விரித்துப் போட்டுவிட்டு நின்றாள். ஹாலில் இருந்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

பின்வரிசையில் ஒரு பையன், "அரே, கலர் ஹீ தோ ஹை" என்றான். வெறும் கலர்தானே என்று கேட்ட அந்தப் பையனைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை. குரல்கள் ஏறின. யாரோ புரஜெக்டர் வயரைப் பிடுங்கினார்கள். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அக்கா மேடையில் மைக்கைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். நான் போய்த்தான் அதைக் கையிலிருந்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா ஒண்ணும் மாத்தாதன்னு சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்லச் சொல்லுத? இது நம்ம கலரு, போடாதன்னா? அதச் சொல்லக் கூடாதுன்னுதான இத்தன வருசமா ரெண்டு கல்யாணத்தத் தவிர ஊர்ப் பக்கமே உன்னைய அனுப்பாம வச்சிருந்தேன்."

அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நான் சமாதானமாகியிருப்பேன். நிறுத்தவில்லை. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பொறவு, பாக்கவும் நல்லாத்தான் இருந்துச்சு. அவ்ளோ பெரிசா. ஊர்ல கொடி தூக்கிட்டுப் போனவன் தான நானும்."

எனக்கு அழுகைதான் வந்தது. எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என்னை அதிலிருந்து காப்பாற்றி வளர்த்தவரும் அவர்தான், அந்த நிறத்தைத் திரையில் பார்த்து மனம் குளிர்ந்துபோனவரும் அவர்தான். சோறு போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவரே எடுத்துப்போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அண்ணாச்சியைத் தேடிப் போனேன். சண்டை போடத்தான் போனேன். தொண்ணூறடி ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சண்டைக்கு இடம் தராமல் எனக்கும் அரை கிளாஸ் கட்டிங் டீ சொன்னார்.

"நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா தெரியாமச் செஞ்சேன்னு சொன்னா எவன் நம்புவான்? உங்கக்காவ எவன் நம்புவான்?"

"லோகோவுல இருக்குற கலர்தான அண்ணாச்சி எடுத்தேன்."

"லோகோவுல மூணுல்லா இருக்கு" என்றார். "நீ எதுக்கு ஒண்ணத் தூக்குன?"

லோகோ வரைந்த கமிட்டியில் அவரும் இருந்தாராம். அப்போது எந்த இரண்டு நிறத்தைச் சொன்னாலும் ஒருவர் எழுந்து அது இன்னாருடையது என்பாராம். விடிய விடியச் சண்டை. கடைசியில்தான் மூன்றையும் ஒரு வட்டத்துக்குள் போட்டார்கள். மூன்றும் சேர்ந்திருந்தால் யாருடையதும் இல்லை. அழகுக்காகச் சேர்த்தது என்று நான் நினைத்த சிவப்பு, மற்ற இரண்டையும் தனியே பேசவிடாமல் நிறுத்திவைத்திருந்தது. எதோடும் ஒத்துப்போகவில்லை என்று அதைத்தான் நான் வெளியே தள்ளியிருந்தேன்.

எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். இதையெல்லாம் லோகோவோடு எழுதிக் கொடுத்தால் என்ன? கம்பெனிக்காரர்கள் தருவார்கள், எங்கள் நீலம் இது, அதன்மேல் இன்ன எழுத்து, இதைச் செய்யாதே என்று பக்கம் பக்கமாக. எங்கள் சங்கத்தில் அதெல்லாம் அண்ணாச்சியின் மண்டைக்குள் இருந்தது. எழுதிவைத்தால் அசிங்கம் என்று யாரும் எழுதவில்லை.

அங்கேயே பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தேன். கட்டம் போட்டு ஜோடிகளை வரிசையாக வைத்தேன். ஒரு பக்கம் கருவி சொன்ன எண். இன்னொரு பக்கத்தைக் காலியாக விட்டு அண்ணாச்சியிடம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "இது ஆகாது. இது ஒரு கட்சி. இது பரவாயில்ல, ஆனா தென்காசிப் பக்கத்து ஆளு வந்தா முறைப்பான். இது ஆகவே ஆகாது" என்று சொல்லிக்கொண்டே போனார். கறுப்பும் சிவப்பும் வைத்தேன், சிரித்தார். நீலத்தை உள்ளே கொண்டுவரலாமா என்றேன், எதோடு என்று கேட்டார். நல்ல எண் வாங்கிய ஜோடிகள் அநேகமாக எல்லாம் யாராவது ஒருவருடையதாக இருந்தன. தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்றுதானே கொடிக்காரனும் பார்த்திருப்பான். இது எனக்கு அன்றைக்கு அந்தப் பெஞ்சில்தான் புரிந்தது, புரிந்ததில் ஒரு நிம்மதியும் இல்லை.

கடைசியில் நிறத்தோடு நிறத்தை ஜோடி சேர்ப்பதையே விட்டுவிட்டேன். பின்னணி வெள்ளை. எழுத்துக்குக் கறுப்புக்குப் பக்கத்தில் வரும் ஒரு மைநிறம். மூன்று நிறமும் தலைப்புப் பட்டைகளாக மட்டும் வரும், ஒவ்வொன்றின்மேலும் வெள்ளையோ மையோதான் எழுத்து. பச்சையின்மேல் வெள்ளை எட்டை ஒட்டி வந்தது, சிவப்பின்மேல் வெள்ளை ஐந்தரைக்கு மேல், மஞ்சளின்மேல் மை ஒன்பதுக்கும் மேல். எந்த ஸ்லைடிலும் ஒரு நிறம் குறையக் கூடாது என்று அடியில் மெல்லிய கோடாக மூன்றையும் போட்டேன். ஒன்றையொன்று உரசாமல் நடுவில் வெள்ளை இடைவெளி விட்டேன். புள்ளிவிவரங்களைக் கட்டை கட்டையாகப் படம் போட்ட இடங்களில் நிறத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு கட்டைமேலும் பெயரும் எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். என் ஆபீசில் இதைக் காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் கடைசி வரிசையிலிருந்தும் படிக்கலாம், யாருடையது என்றும் கேட்க முடியாது.

அண்ணாச்சிக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது.

அக்கா நேரில் வந்தாள். மறு கூட்டத்துக்கு முந்தின நாள், பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, தோளில் பேப்பர் திருத்துகிற பையோடு. ஸ்லைடுகளைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். கடைசி ஸ்லைடுக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அதில் பச்சைப் பட்டையில் வெள்ளை எழுத்தில், பொறுப்பாளர் என்று போட்டு அவள் பெயர் இருந்தது.

"இத எடுத்துருட்டி."

"எதுக்கு?"

"கமிட்டில பேசுனாவ. ரூம் குடுக்கலாம், பொறுப்புக்கு வேற யாராவது பொதுவான ஆளப் போடுங்கன்னுட்டாவ."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "பொதுவான ஆளுன்னா யாரு? சாதியே இல்லாத ஆளா? அவங்க கமிட்டில அப்படி எத்தன பேரு இருக்காங்க? நீ என்னக்கா செஞ்ச? நான் செஞ்சதுக்கு நீ ஏன் போற? நான் எந்திரிச்சு மைக்ல சொல்லுதேன், எனக்குத்தான் தெரியலன்னு."

"சொன்னா?" என்றாள். "அன்னைக்கி வரைக்கும் நான் அவங்களுக்கு டீச்சர். இப்ப நான் எந்த ஆளுன்னு எல்லாருக்கும் ஞாபகம் வந்துருச்சு. நீ பின்னாடி இருக்குற கலர மாத்திட்ட, சரி. என்னைய எங்கன கொண்டுபோயி மாத்துவ?"

அப்பா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்திருந்தால் நான் அவர்மேல் கத்தியிருப்பேன்.

"நீ இல்லாம அந்த ரூம் எதுக்குக்கா?"

"எனக்கா கேட்டேன் ரூம்?" என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது, உடனே சரிசெய்துகொண்டாள். "பிள்ளைக உக்காரணும்ட்டி. அழி."

அவள் பெயரின்மேல் கர்சரை வைத்து அழித்தேன். பட்டை காலியாக நின்றது. அந்த இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "சங்கம்னு போடு" என்றாள். போட்டேன்.

அடுத்த நாள் கூட்டம் அமைதியாக நடந்தது. நிறத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, எழுத்தைப் படித்தார்கள். அண்ணாச்சிகூட மின்விசிறியைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அக்கா எல்லா ஸ்லைடையும் அதே குரலில், வகுப்பு எடுப்பதுபோல் சொல்லி முடித்தாள். பொறுப்பை ஏற்க ஒருவர் பெயரை முன்மொழிந்தார்கள். நல்ல மனிதர்தான், ரேஷன் கடையில் வேலை, பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பதைப் பற்றி அவர் அதுவரை எதுவும் பேசி நான் கேட்டதில்லை. ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர்.

ஹாலில் கொஞ்ச நேரம் யாரும் தூக்கவில்லை. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா திரையின் வெளிச்சத்தில் நின்றபடி கையைத் தூக்கினாள். அதற்குப் பிறகுதான் மற்ற கைகள் எழுந்தன. என் கையும் எழுந்தது.